ஜீரோ-ஜீரோ சீட்டின் பெயரில் இல்லாத மூன்றாவது ஜீரோ

கேள்வி: "ஜீரோ-ஜீரோ எஜெக்‌ஷன் சீட்னா விமானம் தரையில நின்னாக்கூட வெளிய வந்து தப்பிக்கலாம்னு படிச்சேன். அப்படின்னா லேண்டிங் சமயத்துல, மெதுவா தாழ்வா பறக்கும்போது எஜெக்ட் பண்ணின பைலட்டுங்க ஏன் சில சமயம் பிழைக்கிறதில்ல? கண்ணாடி மூடி போறதுல இருந்து ராக்கெட் எரியிற வரைக்கும் உள்ள என்னதான் நடக்குது?"

முதல் ஜீரோ உயரம், இரண்டாவது ஜீரோ வேகம். இரண்டும் சரி. ஆனால் இந்தக் கணக்கில் மூன்றாவதாக ஒரு ஜீரோ உண்டு, அது பெயரில் இல்லை. விமானம் கீழே இறங்கிக்கொண்டிருக்கும் வேகமும் ஜீரோவாக இருக்க வேண்டும். இறக்கை சாயாமலும் மூக்கு கவிழாமலும் இருக்க வேண்டும். ஓடுபாதையில் நிற்கும் விமானத்தில் இது தானாகவே அமைந்துவிடுகிறது. வேகம் குறைந்து இறக்கை தாங்கும் சக்தியை இழந்து விழும் விமானத்தில் அமைவதில்லை. உயிர் போவது பெரும்பாலும் இந்த வித்தியாசத்தில்தான்.

நான் விமானப்படையில் ஆயுதப் பிரிவு ஃபிட்டராக இருந்தவன். சீட்டில் இருப்பது எல்லாமே வெடிமருந்து என்பதால் எஜெக்‌ஷன் சீட் எங்கள் பிரிவின் பொறுப்பில்தான் வரும். தாம்பரத்தில் கிரண் விமானங்களின் மார்க் 4 சீட்டுகளிலும், பிறகு பீதரில் ஹாக் விமானங்களின் சீட்டுகளிலும் வேலை செய்திருக்கிறேன். இரண்டும் மார்ட்டின்-பேக்கர் நிறுவனத்தின் சீட்டுகள். ரஷ்ய கே-36, அமெரிக்க ஏசஸ்-2 இரண்டிலும் நான் கை வைத்ததில்லை. அவற்றைப் பற்றிச் சொல்லும் இடங்களில் படித்ததைத்தான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விமானியின் தொடைகளுக்கு நடுவே, சீட்டின் முன் விளிம்பில், கறுப்பும் மஞ்சளும் கோடு போட்ட ஒரு வளையம் இருக்கும். அதை இரண்டு கையாலும் மேல்நோக்கி இழுக்க வேண்டும். அந்த இழுப்பில் ஒரு சியர், அதாவது ஆப்பு மாதிரியான சின்ன உலோகத் துண்டு, உருவப்படுகிறது. அது உருவிய உடனே ஸ்பிரிங் தள்ளிய ஊசி ஒரு சின்னத் தோட்டாவைக் குத்துகிறது. அதற்குப் பிறகு விமானி செய்ய வேண்டியது எதுவும் இல்லை. தோட்டாவின் வாயு குழாய்கள் வழியாகப் பிரிந்து ஓடுகிறது. ஒரு கிளை தோள்பட்டை வாரைச் சுருட்டி முதுகைச் சீட்டோடு இழுத்து ஒட்டவைக்கிறது. இன்னொன்று கேனப்பிக்கு, அதாவது தலைக்கு மேலே உள்ள கண்ணாடி மூடிக்குப் போகிறது. மற்றொன்று சீட்டைத் தள்ளும் பீரங்கிக்குப் போகிறது. இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காரும் விமானத்தில் பின்சீட்தான் முதலில் போகும். முன்சீட் முதலில் போனால் அதன் ராக்கெட் நெருப்பு பின்னால் இருப்பவர் முகத்தில் அடிக்கும். இடையில் விடும் இடைவெளி அரை வினாடிக்கும் குறைவு.

கேனப்பியை விலக்க இரண்டு முக்கியமான வழிகள் உண்டு. குறைந்த வேகத்தில் அவற்றின் குணம் மாறுவதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒன்று, மூடியை முழுசாகத் தூக்கி எறிவது. பூட்டுகள் விடுபட, முன் விளிம்பை வெடிமருந்துத் தள்ளிகளோ சின்ன ராக்கெட்டுகளோ மேலே தூக்கும். முன் விளிம்பு சில அங்குலம் தூக்கினாலே போதும், பாய்ந்து வரும் காற்று அதன் அடியில் புகுந்து மொத்த மூடியையும் பின்னால் பறக்கடித்துவிடும். மூடி போனது உறுதியாகும் வரை சீட் கிளம்பக் கூடாது. அதனால் மூடியோடு கட்டிய ஒரு கம்பி பீரங்கியின் தடுப்பை உருவிவிடும், அல்லது ஒரு தாமதக் கருவி ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு போல காத்திருக்கும். நின்றிருக்கும் விமானத்தில் இந்த வேலைக்குக் காற்றின் உதவி கிடையாது, தள்ளி கொடுத்த உந்துதல் மட்டும்தான். தட்டையாகச் சுழன்றபடி விழும் விமானத்தில் இதைவிட மோசம். முன்னிருந்து காற்று வராததால் மூடி பின்னால் போகாமல் காக்பிட்டுக்கு மேலேயே மிதந்து நிற்கலாம். சீட் நேராக அதில் போய் மோதும்.

இரண்டாவது வழி ஹாக்கில் இருப்பது. கண்ணாடியின் உட்புறத்தில் வளைந்து வளைந்து ஒரு சாம்பல் நிறக் கோடு ஓடுவதைப் புகைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். பலர் அதை விரிசல் என்றோ பனியை உருக்கும் கம்பி என்றோ நினைக்கிறார்கள். அது வெடிமருந்து அடைத்த மெல்லிய ஈயக் குழாய். சீட் கிளம்பும் நொடியில் அது வெடித்து அக்ரிலிக் கண்ணாடியைத் துண்டு துண்டாக நொறுக்கிவிடும். மூடி போகட்டும் என்று காத்திருக்கும் நேரம் இதில் மிச்சம். காற்றின் உதவியும் வேண்டாம். தரைக்குப் பக்கத்தில், குறைந்த வேகத்தில் இதுதான் நம்பகமானது என்பது என் கருத்து. இதற்கும் ஒரு விலை உண்டு. ஈயம் பொடிப்பொடியாக உருகித் தெறிக்கும். ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியை இறக்காமல், மாஸ்க்கைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பவருக்குக் கண்ணும் கழுத்தும் புண்ணாகும். ஹாக் பின்சீட்டில் புதிதாக உட்காருபவரிடம் நாங்கள் கெஞ்சிக் கேட்கும் முதல் விஷயம், முகக்கண்ணாடியை இறக்கிக்கொள்ளுங்கள் என்பதுதான்.

மூடி போயாயிற்று, இனி பீரங்கி. சீட்டின் முதுகில் ஒன்றுக்குள் ஒன்றாக நுழைந்த மூன்று குழாய்கள் இருக்கும், பழைய ரேடியோ ஆன்டெனா மாதிரி. வெளிக் குழாய் விமானத்தோடு சேர்ந்தது, உட்குழாய் சீட்டின் தலைப்பகுதியோடு சேர்ந்தது. மேலே உள்ள முதல் தோட்டா எரிந்ததும் குழாய்கள் விரியத் தொடங்கும். விரிய விரிய வெளிக் குழாயின் பக்கவாட்டில் உள்ள துளைகள் திறக்கும். அங்கே காத்திருக்கும் துணைத் தோட்டாக்களை அந்த நெருப்பு பற்றவைக்கும். எல்லாவற்றையும் ஒரே தோட்டாவில் அடைக்காமல் இப்படிப் பிரித்து வைத்திருப்பதற்குக் காரணம் மனித முதுகெலும்பு. மார்ட்டின்-பேக்கர் நிறுவனர் ஜேம்ஸ் மார்ட்டின் 1940-களில் செய்த சோதனைகளில் கண்டது இதுதான். உச்ச விசை 21 ஜி, அதாவது உடல் எடையின் 21 மடங்கு அளவைத் தாண்டக் கூடாது, அந்த உச்சத்துக்குப் போகும் வேகமும் வினாடிக்கு 300 ஜி-யைத் தாண்டக் கூடாது. ஒரே அடியாக அடித்தால் எலும்பு நொறுங்கும். படிப்படியாக அழுத்தினால் அதே அளவை உடம்பு தாங்கிக்கொள்ளும்.

இந்த இரண்டு வரம்பும்தான் ராக்கெட் ஏன் வந்தது என்பதற்கு விடை. பீரங்கி தள்ளக்கூடிய தூரம் ஏறக்குறைய 1.8 மீட்டர், காக்பிட்டின் ஆழம் அவ்வளவுதான். அந்தத் தூரத்துக்குள் முதுகெலும்பு தாங்கும் அளவுக்குத் தள்ளினால், கிரணின் மார்க் 4 சீட் மாதிரி வினாடிக்கு 80 அடி, அதாவது 24 மீட்டர் வேகம் கிடைக்கும். நேராக மேலே 24 மீட்டர் வேகத்தில் எறிந்த பொருள், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், 29 மீட்டர் உயரம் போகும். அதை எட்ட 2.4 வினாடி ஆகும். அப்புறம் விழத் தொடங்கும். எட்டு மாடிக் கட்டடத்தின் உயரத்தில், முன்னோக்கி வேகமே இல்லாமல், ஒரு கணம் அந்தரத்தில் நிற்கிறார் விமானி. பாராசூட்டை இழுத்து வெளியே எடுக்க வேண்டிய டிரோக் என்ற சின்னக் குடை, காற்று இல்லாமல் துவண்டு கிடக்கிறது. அதனால்தான் மார்க் 4 சீட்டுக்குத் தரை மட்டத்தில் 90 நாட் வேகம் வேண்டும் என்று எல்லை வைத்தார்கள். மணிக்கு ஏறக்குறைய 167 கிலோமீட்டர். உயரம் ஜீரோவாக இருக்கலாம், வேகம் ஜீரோவாக இருக்க முடியாது. 90 நாட் இருந்தால் டிரோக் விரிந்து பாராசூட்டை இழுத்துவிடும், பாராசூட்டும் சட்டென்று நிரம்பிவிடும். இறங்கி ஓடிக்கொண்டிருக்கும் கிரண் அந்த வேகத்துக்குக் கீழே வந்துவிட்டால் கைப்பிடியை மறந்துவிட வேண்டியதுதான். ஓடுபாதையை விட்டு விலகினாலும் உள்ளேயே உட்கார்ந்திருப்பதுதான் பாதுகாப்பு.

காக்பிட்டின் ஆழத்தைக் கூட்ட முடியாது, முதுகெலும்பை மாற்றவும் முடியாது. மீதி இருந்த ஒரே வழி, சீட் தண்டவாளத்தை விட்டு வெளியே வந்த பிறகும் தள்ளிக்கொண்டே இருப்பது. ராக்கெட் அதைத்தான் செய்கிறது. மார்க் 4 சீட்டின் அடியில் ராக்கெட் பெட்டியைப் பொருத்தியதுதான் மார்க் 6. நின்ற நிலையிலிருந்து உயிருள்ள மனிதரை வைத்து இந்த ராக்கெட் சீட்டைச் சோதித்தது 1961 ஏப்ரலில். டாடி ஹே என்ற பாராசூட் வல்லுநர் அதில் உட்கார்ந்து மேலே போய், பத்திரமாக இறங்கினார்.

ராக்கெட் எப்போது எரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். கைப்பிடியை இழுத்ததும் அல்ல, காக்பிட்டுக்குள்ளேயும் அல்ல. அது உள்ளே எரிந்தால் வெப்பமும் அழுத்தமும் காக்பிட்டுக்குள் அடைபட்டு விமானியையே சுடும். காக்பிட் தரையிலிருந்து ராக்கெட்டின் பற்றவைப்பான் வரை ஒரு எஃகு வடம் அளந்து கட்டப்பட்டிருக்கும். சீட் தண்டவாளத்தின் முடிவுக்கு வரும்போது அந்த வடம் விறைத்து, சியரை உருவி, ராக்கெட்டைப் பற்றவைக்கும். நேரத்தை அளப்பது கடிகாரம் அல்ல, வடத்தின் நீளம்தான். சர்வீஸ் முடிந்து சீட்டை உள்ளே இறக்கிய பிறகு டார்ச் அடித்து முழங்கால் போட்டு நாங்கள் பார்ப்பது இந்த வடம் எப்படிப் படுத்திருக்கிறது என்பதைத்தான். எங்காவது ஒரு கொக்கியில் மாட்டியிருந்தால் ராக்கெட் முன்னாலேயே எரியும். இணைப்பு விடுபட்டிருந்தால் எரியவே எரியாது. பயிற்சிக் காலத்தில் என் மேற்பார்வையாளர் அந்த வடத்தை விரலால் முழு நீளமும் தடவிப் பார்க்கச் சொல்வார். கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது என்பார்.

ராக்கெட் எரிவது கால் வினாடி போல. அதற்குள் அது செய்ய வேண்டிய வேலை நுட்பமானது. அதன் உந்துதல் சீட்டும் மனிதரும் சேர்ந்த எடையின் மையத்தை ஒட்டிப் போக வேண்டும். கொஞ்சம் விலகினாலும் சீட் குட்டிக்கரணம் போடும். விமானம் வேகமாகப் பறக்கும்போது டிரோக் குடை பின்னால் இழுத்துச் சீட்டை நிமிர்த்திவிடும். வேகம் இல்லாதபோது நிமிர்த்த எதுவும் இல்லை. ஏசஸ்-2 சீட்டில் இதற்காகவே அடியில் தனியாக ஒரு குட்டி ராக்கெட் வைத்து, கைரோ என்ற சாய்வை உணரும் சுழல்கருவி அதைத் திருப்பிச் சீட்டின் ஆட்டத்தை அடக்குகிறது. அதே சீட் காற்றின் வேகத்தை அளந்து, 250 நாட்டுக்குக் கீழே என்றால் டிரோக்கை ஒதுக்கிவிட்டுப் பாராசூட்டையே நேராகக் குண்டுபோல வெளியே சுட்டுவிடும். அந்த வழியில் பாராசூட் முழுதாக விரிய ஏறக்குறைய 1.8 வினாடி போதும். காத்திருந்து காற்றை நம்பாமல், வெடிமருந்தால் செய்து முடிப்பதுதான் குறைந்த வேகத்துக்கான வழி.

இனி உங்கள் கேள்வியின் முதல் பகுதி. ஒரு எளிய கணக்குப் போடுவோம். பீரங்கியும் ராக்கெட்டும் சேர்ந்து சீட்டுக்கு வினாடிக்கு 40 மீட்டர் வேகம் தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக எடுத்த எண், சீட்டுக்குச் சீட், ஆளின் எடைக்கு எடை மாறும். காற்றின் தடையையும் விட்டுவிடுவோம். நின்ற விமானத்திலிருந்து இந்தச் சீட் 80 மீட்டர் உயரம் போகும். பாராசூட் விரிய தாராளமான இடம். இப்போது அதே விமானம் வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 4,000 அடி போல, கீழே விழுந்துகொண்டிருக்கிறது. சீட் அந்த வேகத்தையும் சுமந்துகொண்டுதான் கிளம்புகிறது. மேல்நோக்கி மிஞ்சுவது 20. வேகம் பாதியானது, ஆகவே உயரமும் பாதி என்று தோன்றும். அப்படி இல்லை. உயரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் கால்வாசிதான். 80 மீட்டர் 20 மீட்டர் ஆகிவிட்டது. அதிலும் கைப்பிடியை இழுத்ததிலிருந்து சீட் காக்பிட்டை விட்டு வெளியே வரும் அரை வினாடிக்குள் விமானம் இன்னும் 10 மீட்டர் இறங்கியிருக்கும். நிகர லாபம் 10 மீட்டர். பாராசூட் விரிய வேண்டிய இரண்டு வினாடிக்கு அது போதாது.

சாய்வும் இதே மாதிரிதான் திருடும். இறக்கை 60 டிகிரி சாய்ந்திருந்தால் சீட்டின் உந்துதலில் பாதிதான் மேலே போகும், மீதி பக்கவாட்டில் வீணாகும். அங்கேயும் 80 மீட்டர் 20 மீட்டராகிவிடும். 90 டிகிரி என்றால் மேலே போவது எதுவும் இல்லை. தரையிறங்கும்போது வேகம் குறைந்து இறக்கை ஸ்டால் ஆகும் விமானத்தில் இந்த இரண்டும் சேர்ந்தே வரும். ஒரு இறக்கை முதலில் விழும், அதே நொடியில் இறங்கும் வேகமும் ஏறும். எல்லைக்குள் இருந்த ஒரு விமானம் எல்லைக்கு வெளியே போக ஒரு வினாடி போதும். "உயரம் இருந்ததே, இருந்தும் ஏன்" என்று கேட்கப்படும் விபத்துகள் பலவற்றுக்கும் இந்த ஒரு வினாடிதான் பதில்.

இதற்கு நல்ல சாட்சி 2003 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், மவுன்டன் ஹோம் விமானத்தளத்தில் நடந்தது. தண்டர்பேர்ட்ஸ் சாகசக் குழுவின் எஃப்-16 ஒன்று மேலே போய், தலைகீழாகத் திரும்பி, அரைவட்டம் அடித்து இறங்க வேண்டும். அதைத் தொடங்கத் தரையிலிருந்து 2,500 அடி வேண்டும். விமானி தன் வழக்கமான தளத்தின் தரை உயரத்தை மனதில் வைத்துக் கணக்கிட்டதால் 1,670 அடியிலேயே தொடங்கிவிட்டார். பாதி வட்டத்தில் தெரிந்துகொண்டு மூக்கை முழு பலத்தோடு தூக்கினார். ஏறக்குறைய மட்டத்துக்கு வந்துவிட்டது, ஆனால் விமானம் இன்னும் நிமிடத்துக்கு 8,400 அடி வேகத்தில் தரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 140 அடி உயரத்தில், தரையில் மோத 0.8 வினாடி இருக்கும்போது சீட் கிளம்பியது. அவர் பிழைத்தார், பெரிய காயமும் இல்லை. என் எளிய கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். 8,400 அடி என்பது வினாடிக்கு 43 மீட்டர் போல. சீட் கொடுத்த வேகம் முழுவதும் அந்த இறக்கத்தை ரத்து செய்வதிலேயே செலவாகிவிட்டது. மேலே போனார் என்று சொல்லவே முடியாது. ஆனால் அந்தரத்தில் நிற்கவைத்தது. அந்த நிலையிலிருந்து 1.8 வினாடியில் ஒருவர் ஏறக்குறைய 16 மீட்டர்தான் விழுவார். கையில் இருந்தது 43 மீட்டர். மூக்கு மட்டத்துக்கு வந்திருந்தது, முன்னோக்கி நல்ல வேகம் இருந்ததால் பாராசூட் உடனே நிரம்பியது. மூக்கைத் தூக்கிய அந்தக் கடைசி இழுப்பு இல்லாமல் அதே உயரத்தில் இழுத்திருந்தால் ராக்கெட் அவரைத் தரையோடு இணையாகத்தான் எறிந்திருக்கும்.

வேகமே இல்லாத இன்னொரு நிகழ்வு 1989 ஜூன் 8, பாரிஸ் விமானக் கண்காட்சி. அனடோலி குவோச்சூர் ஓட்டிய மிக்-29, மூக்கை உயர்த்தியபடி மிக மெதுவாக, தாழ்வாகப் போய்க்கொண்டிருந்தது. வலது எஞ்சின் திடீரென்று சக்தி இழந்தது. ஒரு பக்கம் முழு உந்துதல், மறுபக்கம் எதுவும் இல்லை. இறக்கையிலும் வாலிலும் உள்ள கட்டுப்பாட்டுப் பலகைகளில் அதைத் தடுக்க வேண்டிய காற்று அந்த வேகத்தில் இல்லை. விமானம் உருண்டு, மூக்கு கவிழ்ந்து, கிட்டத்தட்ட செங்குத்தாக விழுந்தது. மோதுவதற்கு 2.5 வினாடி போல இருக்கும்போது அவர் கே-36 சீட்டில் வெளியேறினார். பாராசூட் விரிந்தும் விரியாமலும் தரையில் விழுந்து, எரியும் விமானத்துக்கு அருகிலேயே கிடந்து, சிறு காயங்களோடு தப்பினார். கே-36-ஐப் புகழ இந்த நிகழ்வைக் காட்டுவார்கள், புகழ்ச்சி தகும். ஆனால் மூக்கு கவிழ்ந்த விமானத்தில் சீட்டின் "மேலே" என்பது உண்மையில் பக்கவாட்டு. அந்த ராக்கெட் அவருக்கு உயரத்தைத் தரவில்லை, விமானத்திலிருந்து விலகலைத்தான் தந்தது. அவரைக் காப்பாற்றியது அந்த இரண்டரை வினாடி. அதில் ஒரு வினாடி தயங்கியிருந்தால் எந்தச் சீட்டாலும் காப்பாற்றியிருக்க முடியாது.

மனிதத் தயக்கத்துக்கு இடமே இல்லாத விமானங்களும் உண்டு. அந்தரத்தில் நின்றபடி இறங்கும் யாக்-38, எஃப்-35பி போன்றவற்றில் ஒரு பக்கம் உந்துதல் போனால் விமானி உணர்வதற்குள் விமானம் கவிழ்ந்துவிடும். அதனால் அந்த நிலையில் சீட் தானாகவே கிளம்பும்படி வைத்தார்கள். குறைந்த வேகத்தின் எல்லை எவ்வளவு குறுகியது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் தேவையில்லை.

எல்லைக்குள் இருந்தும் தோற்ற ஒரு நிகழ்வையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நான் வேலை செய்த குடும்பத்துச் சீட். 2011 நவம்பர் 8, இங்கிலாந்தின் ஸ்கேம்ப்டன் விமானத்தளம். ரெட் ஆரோஸ் சாகசக் குழுவின் ஹாக் ஒன்று தரையில் நின்றிருந்தபோது அதன் மார்க் 10 சீட் கிளம்பிவிட்டது. கைப்பிடி முழுதாக உள்ளே அமராமல் பாதுகாப்பற்ற நிலையில் இருந்திருக்கிறது, அந்த நிலையிலும் பாதுகாப்பு முள் உள்ளே போயிருக்கிறது. ஆகவே முள் இருக்கிறது, சீட் பத்திரம் என்றே பார்ப்பவருக்குத் தோன்றும். சீட் மேலே போனது, ராக்கெட் எரிந்தது, டிரோக் வெளியே வந்தது. டிரோக் சீட்டின் பிடியிலிருந்து விடுபட்டால்தான் பெரிய பாராசூட்டை இழுக்கும். அந்தப் பிடியில் இருந்த ஷேக்கிள் என்ற இணைப்பு வளையத்தின் நட்டு தேவைக்கு மேல் இறுக்கப்பட்டிருந்ததால் இரண்டு துண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டன. பாராசூட் வரவில்லை. விமானி இறந்தார். வேகமாகப் பறக்கும் விமானத்தில் டிரோக்கை இழுக்கப் பெரிய காற்று இருக்கும். நின்ற விமானத்தில் இழுவை குறைவு என்பதால், அங்கே கொஞ்சம் இறுக்கம்கூடப் பெரிய தடை. ஜீரோ வேகத்தில் சீட்டின் ஒவ்வொரு மூட்டும் தாராளமாக அசைய வேண்டும் என்பதை ஃபிட்டர்கள் சும்மா சொல்வதில்லை. நட்டை இறுக்கினால் பாதுகாப்பு என்பது கைக்கு ஊறிப்போன பழக்கம். இந்த ஒரு இடத்தில் அந்தப் பழக்கம் ஆளைக் கொல்லும்.

லேண்டிங் சமயத்துக்கு வருவோம். நான் விமானி அல்ல, ஆகவே பக்கத்திலிருந்து கேட்டதைத்தான் சொல்ல முடியும். ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சொல்லும் ஒரு தலைக்கணக்கு உண்டு. நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்குகிறாயோ, அதில் பத்தில் ஒரு பங்கு அடி உயரமாவது கையில் இருக்க வேண்டும். 3,000 அடி வேகத்தில் இறங்கினால் 300 அடி. இது பழைய சீட்டுகளுக்கான தாராளமான கணக்கு, புதிய சீட்டுகள் இதைவிட நன்றாகச் செய்யும். தாழ்வாக எஞ்சின் நின்றால் இன்னொரு வழக்கமும் உண்டு. கையில் வேகம் மிச்சம் இருந்தால் முதலில் மூக்கைத் தூக்கி அந்த வேகத்தை உயரமாக மாற்றிக்கொள்வார்கள். விமானம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே, அதாவது இறக்கம் தொடங்குவதற்கு முன்பே, கைப்பிடியை இழுப்பார்கள். அப்போது விமானத்தின் ஏற்றமும் சீட்டோடு சேர்ந்துகொள்ளும். மேலே போட்ட கணக்கில் 40-லிருந்து 20-ஐக் கழித்தோம். வினாடிக்கு 10 மீட்டர் ஏறும் விமானத்தில் அதே 40-உடன் 10-ஐக் கூட்டுகிறோம், உயரம் 125 மீட்டரைத் தாண்டுகிறது. இரண்டு நிலைகளுக்கும் நடுவே இருப்பது, ஓடுபாதை எட்டிவிடும் தூரத்தில்தான் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்க்கலாம் என்று மூக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த மூன்று நான்கு வினாடிகள்.